வெட்டிக் காட்டு அக்காவின் நாற்பத்து மூன்று பதில்கள்

சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூடத் தலையைச் சொறிவார். ‘வெட்டிக் காட்டு அக்கா’ என்றால்தான் மாடியைக் கை காட்டுவார். புகார் என்று யார் எழுதினாலும் அவள் முதலில் அனுப்புகிற வரி ஒன்றே ஒன்றுதான்: ‘நடுவில் வெட்டி, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.’ ஆறு வருஷமாக அதையே அனுப்பி அனுப்பி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைவிட இதுவே தேவலை என்று அவளும் விட்டுவிட்டாள்.

உறைய வைத்த பரோட்டா, சமோசா, சிக்கன் நகெட் மூன்றும் போடுகிற கம்பெனி அது. மாடியில், குளிர்கிடங்குக்கு மேலே, இரண்டு மேசை போட்ட ஓர் அறைதான் புகார்ப் பிரிவு. கீழே ஓடும் இயந்திரங்களால் தரை நாளெல்லாம் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதிராத தரையில் நிற்கும்போதுதான் சுற்றும். எதிர் மேசையில் ஓர் இளம்பெண், தொலைபேசிக்கு. இவள் போட்டோவுக்கு. ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு போட்டோ. எல்லாமே வயிறு கிழிந்த பலகாரங்கள்.

மனிதர்கள் எப்படியெல்லாம் போட்டோ எடுக்கிறார்கள் என்பதை எழுதினால் ஒரு புத்தகம் போடலாம். வெட்டச் சொன்னால் வெட்டின கத்தியை மட்டும் எடுத்து அனுப்புகிறவர் உண்டு. பரோட்டாவை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, பல் தெரியச் சிரித்து, தன்னையும் சேர்த்து எடுத்து அனுப்புகிறவர் உண்டு. ஒருவர் பூனை சாப்பிடுவதை எடுத்து அனுப்பி, பூனைக்கே பிடிக்கவில்லை பாருங்கள் என்று எழுதியிருந்தார். பூனை ரசித்துத்தான் தின்றுகொண்டிருந்தது.

ஆனால் ஒழுங்காக வெட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்த போட்டோ என்றால் அவளுக்கு அரை நிமிஷம் போதும். பரோட்டாவின் நடு மடிப்பு பிரியாமல் சாம்பல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு பளபளத்தால், மாவு வேகவில்லை. உறைந்ததை அப்படியே கல்லில் போடாமல் வெளியே வைத்து இளக விட்டிருப்பார்கள், இல்லையென்றால் கல் காய்வதற்கு முன்பே போட்டிருப்பார்கள். சமோசாவின் தோல் நல்ல சிவப்பாக இருந்து, உள்ளே உருளைக்கிழங்கைச் சுற்றி ஈர வளையம் தெரிந்தால், எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. மேலே கருகி, உள்ளே குளிர்ந்து கிடக்கிறது. தோலில் சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் எண்ணெயில் பொரித்தது, முனை மட்டும் கறுத்து மற்ற இடம் வறண்டு வெளுத்திருந்தால் ஓவனில் வைத்தது. ‘ஓவனில்தான் வைத்தேன், ஏன் இத்தனை எண்ணெய்’ என்று சண்டைக்கு வந்த ஓர் ஆளின் சமோசாவில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. இவள் அதைப் பணிவாகச் சுட்டிக் காட்டினாள். அந்த ஆள் அதற்குப் பிறகு எழுதவேயில்லை.

மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்த போட்டோவை மட்டும் அவள் நம்பமாட்டாள். மஞ்சள் வெளிச்சத்தில் பச்சைக் கறியும் வெந்த கறி மாதிரி இருக்கும். சூட்டையும் போட்டோ சொல்லாது, அதற்குக் கம்பி முனை கொண்ட வெப்பமானியை நடுவில் குத்தித்தான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எதிர் மேசைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். தெரியாமல் செய்தவள் இல்லை என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

மாடிக்கு வருவதற்கு முன் பதினொரு வருஷம் கீழே பொரிக்கும் பிரிவில் நின்றவள். இரண்டு முழங்காலும் போய், டாக்டர் இனிமேல் நிற்கக் கூடாது என்ற பிறகுதான் நாற்காலி கிடைத்தது. பொரிக்கும் தொட்டி அவளுக்குத் தன் சமையலறை மாதிரி. நகெட்டின் ரொட்டித்தூள் எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அவள் காலத்தில் நகெட் நாலு நிமிஷம் எண்ணெயில் நீந்தி, நடுவரை வெந்து, அதற்குப் பிறகுதான் உறைய வைக்கும் அறைக்குள் போகும். வாங்குகிறவர் வீட்டில் சூடு காட்டினால் போதும்.

கொழுப்பு பற்றியும் ஜனங்கள் அவளைத்தான் கேட்பார்கள். பரோட்டா பாக்கெட்டின் முன்னால் ‘ஒரு பரிமாறலுக்குக் கொழுப்பு ஆறே கிராம்’ என்று போட்டிருக்கும். பின்னால் பொடி எழுத்தில் பார்த்தால் ஒரு பரிமாறல் என்பது அரைப் பரோட்டா. அரைப் பரோட்டாவோடு கை கழுவி எழுந்த மனிதரை அவள் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை. அதனால் ‘பரிமாறல் கணக்கை விட்டுத்தள்ளுங்க, நூறு கிராமுக்கு எவ்வளவுன்னு இருக்கிற வரிசையைப் பாருங்க, அப்புறம் உங்க தட்டில எத்தனை கிராம் இருக்குன்னு பாருங்க’ என்பாள். கம்பெனி இப்படிச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

வீட்டிலும் இதே வேலைதான். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவனுக்குப் போன வருஷம் நெஞ்சு வலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, வீட்டோடு உட்கார வைத்துவிட்டார்கள். கொழுப்பைக் குறை என்று டாக்டர் சொன்னது அவனுக்கு. படிக்க வேண்டியது இவளுக்கு. பாக்கெட் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, மொத்தக் கொழுப்பு, அதில் நிறைவுற்ற கொழுப்பு என்று பிரித்து, பேனாவால் வட்டம் போட்டு அலமாரியில் வைப்பாள். அவனுக்குத் தின்பதில்தான் சுகம் போயிற்றே தவிர வாய் குறையவில்லை. “எனக்குப் பொண்டாட்டி இல்ல, லேபிள் ஒட்டுற மெஷின்தான் வாய்ச்சுது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

அப்படியிருக்கும்போதுதான் கம்பெனி புது நகெட் பாக்கெட் கொண்டுவந்தது. முன்னால் பச்சை நிறத்தில் பெரிதாக ‘முப்பது சதவீதம் கொழுப்புக் குறைவு’. அவள் பின்பக்கம் திருப்பினாள். பழைய பாக்கெட்டில் நூறு கிராமுக்குப் பதினாறு கிராம் கொழுப்பு, இதில் பதினொன்று. சரியான கணக்குதான், முப்பதுக்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது. ஆறு நகெட் தின்றால் பத்தொன்பது கிராம் உள்ளே போகும் இடத்தில் பதின்மூன்று. மனிதன் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறானே என்று பணியாளர் விலையில் நாலு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று சொல்லி பிரீசரில் வைத்தாள். அந்தக் கணக்கைப் போட்டவளுக்கு, குறைந்த ஐந்து கிராம் எங்கே போயிற்று என்று ஒரு நொடி நின்று கேட்கத் தோன்றவில்லை. பதினொரு வருஷம் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துச் சிவந்த கண்ணும், மாடி ஏறி இறங்கி நொந்த காலுமாக, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பார்த்தாள். அவ்வளவுதான்.

அடுத்த மூன்று வாரத்தில் நகெட் புகார் கொஞ்சம் கூடியது. நடுவில் சரியாக இல்லை, பிசுபிசு என்று இருக்கிறது, குழந்தை துப்பிவிட்டது. வெட்டிக் காட்டச் சொன்னாள், காட்டினார்கள். நடு பளபளவென்று இருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் ஆறு வருஷமாகக் கையோடு வைத்திருந்த பதிலை எடுத்து ஒட்டினாள்: ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, எங்கள் நகெட் முழுமையாகச் சமைக்கப்பட்ட பிறகே உறைய வைக்கப்படுகிறது. நீங்கள் காண்பது குளிர்ந்த நடுப்பகுதி மட்டுமே. பயப்பட வேண்டாம். இன்னும் இரண்டு நிமிடம் சூடேற்றிச் சாப்பிடவும்.’

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குளிர்ந்த நடு வேறு, வேகாத நடு வேறு. வெந்து குளிர்ந்தது வெள்ளையாக, மங்கலாக இருக்கும். வெட்டின இடத்தில் உதிரியாக, சின்னச் சின்ன ஓட்டையோடு இருக்கும், மிஞ்சிப் போனால் ஒரு பனித்துணுக்கோ நீர்க்கசிவோ தெரியும். வேகாதது கண்ணாடி மாதிரி மின்னும், சாம்பலும் ரோஜாவும் கலந்த நிறத்தில் இருக்கும், கத்தி போன தடம் பசை மாதிரி வழவழவென்று இருக்கும். ஒரு சின்னப் பிள்ளைக்குக் காட்டினாலும் வித்தியாசம் சொல்லும். அவள் கண்ணுக்கும் அது பட்டது. ஆனால் எங்கள் நகெட் வெந்துதான் வெளியே போகிறது என்று மண்டைக்குள் ஓர் ஆணி அடித்திருந்ததே! கண் ஒன்றைச் சொன்னது, மண்டை அதட்டி உட்கார வைத்தது. மொபைல் போட்டோதானே, வெளிச்சம் சரியில்லை, ஈரம் மின்னுகிறது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி. அவளுடைய சாப்பாட்டு டப்பா இன்னும் திறக்கவில்லை. போனில் கணவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. தட்டில் ஆறு நகெட், ஒன்று நடுவில் வெட்டப்பட்டு, ஜன்னல் பக்கத்தில், நல்ல வெயிலில். கீழே, ‘வெட்டிக் காட்டியாச்சு மேடம்’ என்று எழுதியிருந்தான். இவள் கம்பெனியின் போட்டோக்களைப் பார்க்கிற அதே கண்ணால் அதையும் பார்த்தாள். எழுதக்கூட அலுப்பாக இருந்தது. கையில் இருந்த பதிலை அப்படியே எடுத்து அவனுக்கும் ஒட்டிவிட்டாள். மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே என்பதிலிருந்து சூடேற்றிச் சாப்பிடவும் வரைக்கும்.

அவன் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பினான். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு போட்டோ வந்தது. இரண்டு நிமிஷம் கூடுதலாகச் சூடேற்றி, வேறொரு நகெட்டை வெட்டி, அதே ஜன்னலில் வைத்து எடுத்திருந்தான். ‘வாடிக்கையாளருக்குத் திருப்தியில்லை’ என்று எழுதியிருந்தான்.

அவள் டப்பாவின் மூடியைத் திறந்தவள், திறந்தபடியே வைத்துவிட்டு அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினாள். ஆறு வருஷத்தில் இரண்டாவது போட்டோ அனுப்பின மனிதர் ஒருவர்கூட இல்லை. பதில் போனால் கதை முடிந்தது, அவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். இப்போதுதான் முதல் தடவையாக, தன் பதிலுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கிறாள். இரண்டு நிமிஷம் கூட வைத்தும் நடு அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. குளிர் என்றால் இரண்டு நிமிஷத்தில் போயிருக்க வேண்டும். ஓவன் அவளுடைய ஓவன், அதன் சூடு அவளுக்குத் தெரியும். அவனோ மருந்து மாத்திரையைக்கூடக் கடிகாரம் பார்த்து விழுங்குகிறவன், எட்டு நிமிஷம் என்று போட்டிருந்தால் எட்டேதான்.

உடனே போன் போட்டாள். “என்னங்க, அதைச் சாப்பிட்டீங்களா?”

“நீ சொல்லாம எங்க சாப்பிடுறது? ஆறிப்போச்சு, போ.”

“வாயில வைக்காதீங்க. எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டு, கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. மீதி பாக்கெட்டையும் தொடாதீங்க.”

“ஏன், என்னாச்சு?”

“அது வேகல.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது. அறை அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த காலி உறைகளில் பழைய பாக்கெட் ஒன்றையும் புதிய பாக்கெட் ஒன்றையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பதினாறு. பதினொன்று. சூடேற்றும் முறை இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று: இருநூறு டிகிரி ஓவனில் எட்டு நிமிடம். எண்ணெய் குடிப்பது குறைய வேண்டுமென்றால் எண்ணெயில் கிடக்கிற நேரம் குறைய வேண்டும், வேறு மந்திரம் எதுவும் கிடையாது. நேரம் குறைந்தால் நடு எப்படி வேகும்? மூன்று வாரமாகக் கையில் இருந்த எண் அது. அட பாவி மனுஷி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூட்டு வலியோடு படியிறங்கிப் பொரிக்கும் பிரிவுக்குப் போனாள். அங்கே மேற்பார்வையாளர் அவளோடு ஒன்றாக நின்று வேலை பார்த்தவர், எல்லோருக்கும் ‘வாணலி அண்ணன்’. நகெட்டை இப்போது எத்தனை நேரம் பொரிக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியாது. ஒரு மாதமாக முப்பதே விநாடிதான், மேல் நிறத்துக்காக. கொழுப்பைக் குறைக்க அப்படித் தீர்மானம் ஆனது. மீதியை வாங்குகிறவர் வீட்டில் பதினெட்டு நிமிஷம் வேக வைக்க வேண்டும், ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள், நீ பாக்கெட்டில் பார்க்கவில்லையா என்று திருப்பிக் கேட்டார்.

அவள் பாக்கெட்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“எட்டுன்னு போட்டிருக்கே” என்றார்.

பிறகு விசாரித்ததில் வெளியானது இவ்வளவுதான். பாக்கெட் அச்சுக்குப் போகும்போது முன்பக்கத்தை மாற்றினார்கள், கொழுப்புக் கட்டத்தை மாற்றினார்கள். சூடேற்றும் கட்டத்தைப் பழைய பாக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். ‘பச்சைக் கறி, நன்றாக வேக வைக்கவும்’ என்று வந்திருக்க வேண்டிய வரி வரவேயில்லை. பொரிக்கிறவர்கள் அச்சுக்காரர்கள் பார்த்திருப்பார்கள் என்றிருந்தார்கள், அச்சுக்காரர்கள் ஆய்வுக்கூடம் பார்த்திருக்கும் என்றிருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில், தப்பு நடந்தால் கண்டுபிடிப்பதற்கென்றே மாடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் பரிசோதனைச் சமையலறைக்குப் போய் ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஓவனில் வைத்தார்கள். எட்டு நிமிஷத்தில் எடுத்தால், மேலே கண்ணைப் பறிக்கிற பொன் சிவப்பு. கம்பியை நடுவில் குத்தினால் நாற்பத்தொன்று டிகிரி. எழுபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில்! பத்து நிமிஷத்தில், அதாவது அவளுடைய பதிலின்படி, ஐம்பத்திரண்டு. பதினெட்டில்தான் எழுபத்தெட்டு வந்தது, நடுவும் வெள்ளையாக உதிர்ந்தது. வாணலி அண்ணன் எண்களை ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தாளோடு மேனேஜரிடம் போனாள். நல்ல மனிதர்தான். அவளைப் போலவே களைத்துப்போன ஆள், எந்த நேரமும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தாளைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தினார். போன் மேல் போன் போட்டு, கிளம்ப இருந்த லாரிகளை நிறுத்தினார், கடைகளில் இருப்பதைத் திரும்ப எடுக்கச் சொன்னார், உணவு ஆய்வு அலுவலகத்துக்கும் தகவல் போனது. ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவும் செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஏற்கெனவே புகார் எழுதியவர்களைப் பற்றிக் கேட்டபோது, நாளைக்கு அறிவிப்பு வந்துவிடும், வழக்கறிஞர் வரிகளைப் பார்த்துச் சரிசெய்து தரட்டும், அதுவரை யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்றார். அறிவிப்பு எல்லோருக்கும் பொதுவானது, அவர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காருங்கம்மா, கால் வலிக்கப்போகுது என்று அவர் சொன்னபோதும் உட்காரவில்லை.

“சார், மத்தவங்க அறிவிப்பைப் பார்த்தா நம்புவாங்க. இவங்க நம்பமாட்டாங்க. இவங்க கிட்டதான் ஒண்ணும் இல்ல, பயப்படாம சாப்பிடுங்கன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேனே. இன்னைக்குச் சாயங்காலமும் அதை நம்பிச் சூடு பண்ணுவாங்க.”

“நீங்க பேசி ஏதாவது வம்பாச்சுன்னா, அப்புறம் என்னால உங்களைக் காப்பாத்த முடியாதும்மா.”

“காப்பாத்த வேண்டாம் சார்.”

அவர் மறுபடி நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவள் அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

அனுப்பின பதில்களை எடுத்துப் பார்த்தால் நாற்பத்து மூன்று. கணவனை இதில் சேர்க்கவில்லை. ஒவ்வொருவர் போட்டோவையும் மறுபடி திறந்தாள். இப்போது ஒன்றில்கூடச் சந்தேகம் வரவில்லை. எல்லாமே பச்சை. சிலது வெயிலில் எடுத்தது, சிலது வெள்ளை விளக்கில், ஒருவர் பாவம் டார்ச் அடித்து எடுத்திருந்தார். அவள் எப்படிக் கேட்டாளோ அப்படியே எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் காட்ட வேண்டியதைக் காட்டியிருந்தார்கள். பார்த்துப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. எதிர் மேசைப் பெண் எழுந்து வந்து, பாதியை நான் பேசுறேன்கா என்றாள். வேண்டாம், எழுதினது நான் என்று சொல்லிவிட்டு எண்களைச் சுற்ற ஆரம்பித்தாள்.

முதலில் பேசியவர்கள் நல்லபடியாகவே முடித்தார்கள். ஒருவர் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டாராம். ஒருவர் எண்ணெயில் நன்றாகப் பொரித்துத்தான் தின்றாராம், இந்த வயதில் ஓவனை யார் நம்புவது என்றார். ஒருவர் அரை மணி நேரம் திட்டினார். அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மீதியிருப்பதைச் சமைக்காமல் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். இரண்டு பேர் தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்து போனது என்றார்கள். டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள் என்றாள். எட்டுப் பேர் எடுக்கவில்லை, மறுபடி கூப்பிட அடையாளம் வைத்தாள். சொல்லிச் சொல்லி வார்த்தை தேய்ந்து, தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஐந்து மணிக்கு எதிர் மேசைப் பெண் பையை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் போனாள்.

முப்பத்தொன்றாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல், தூக்கம் இல்லாத குரல். கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றதும், “நீங்கதானே எனக்கு பதில் எழுதினீங்க? அன்னைக்கு ஒரு மணி நேரத்திலயே பதில் போட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்றாள்.

அந்த நகெட்டைப் பற்றித்தான் பேச வேண்டும், அது வேகாதது, பாக்கெட்டில் நேரம் தப்பாக அச்சாகியிருக்கிறது, இருந்தால் சாப்பிடாதீர்கள் என்று சொன்னாள்.

“என் பொண்ணு நாலு நாளா ஆஸ்பத்திரியில இருக்கா” என்றாள் அந்தப் பெண். “ஆறு வயசு. காய்ச்சல், வயித்துப்போக்கு. இன்னைக்குத்தான் கண்ணு திறந்து பேசுறா.”

இவள் டாக்டர் என்ன சொல்கிறார் என்று எப்படியோ கேட்டுவிட்டாள். அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள், வரிசை மாறாமல், நாலு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தவள் மாதிரி. குழந்தை என்னென்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் முதல் நாளே கேட்டாராம். கோழி ஏதாவது சரியாக வேகாமல் கொடுத்தீர்களா என்று குறிப்பாகவே கேட்டாராம். நகெட் கொடுத்தோம், ஆனால் காரணம் அது இல்லை என்று அந்தப் பெண் உறுதியாகச் சொன்னாளாம். டாக்டர் மறுபடி கேட்டபோது போனை எடுத்து அந்தப் பதிலைக் காட்டினாளாம். முழுக்கச் சமைத்ததுதான், குளிர்ந்திருக்கிறது, அவ்வளவே என்று கம்பெனியே எழுதியிருக்கிறதே. டாக்டரும் அதைப் படித்துவிட்டு வேறு காரணம் தேடப் போய்விட்டாராம். தண்ணீர்த் தொட்டியைச் சோதித்தார்கள், பள்ளிக்கூடத்தில் விசாரித்தார்கள். மாமியார் வீட்டில் கொடுத்த பாலினால்தான் என்று வீட்டில் சண்டையே வந்துவிட்டதாம்.

“இப்பவே டாக்டர் கிட்டச் சொல்லுங்கம்மா” என்றாள் இவள். “நகெட் வேகாததுன்னு கம்பெனியில இருந்தே சொன்னாங்கன்னு சொல்லுங்க. என் நம்பரைக் கொடுங்க, நானே அவர்கிட்டப் பேசுறேன்.”

சரி என்றாள் அந்தப் பெண். போனை வைக்கவில்லை. திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் திட்டத் தெம்பில்லை, அல்லது இன்னும் முழுசாகப் புரியவில்லை. தூரத்தில் ஒரு குழந்தை எதையோ கேட்டு முனகியது.

“ஒண்ணு கேக்கட்டுமா” என்றாள் அந்தப் பெண். “நான் வெட்டிப் போட்டோ எடுத்து அனுப்பினேனே. அதுல தெரியலையாங்க?”

கம்பெனி சொல்லக்கூடிய பதில்கள் பல இருந்தன. போட்டோ சூட்டைச் சொல்லாது. பாக்கெட்டில் அச்சுப் பிழை. வெளிச்சம் சரியாக இல்லை. இவளுக்கு அத்தனையும் தலைகீழாகத் தெரியும், ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகினவை. எதிரே திரையில் அந்தப் போட்டோ திறந்தே இருந்தது. ஜன்னல் வெளிச்சம், வெள்ளைத் தட்டு, நேர் நடுவில் ஒரே வெட்டு. ஆறு வருஷத்தில் அதைவிடத் தெளிவான போட்டோ யாரும் அவளுக்கு அனுப்பியதில்லை.

“தெரிஞ்சுதும்மா” என்றாள்.